121-ஆவது நாள் எது?

வானொலியில் காப்புறுதி பற்றி எப்போது பேசினாலும் தொலைபேசியில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "மெடிக்கல் கார்டு எடுத்து நாலு மாசம் ஆச்சு. இனிமே யூஸ் பண்ணலாம்தானே?" கேட்கும் குரல் மாறும். பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்திருப்பவராக இருக்கலாம், கிள்ளானிலிருந்து சைபர்ஜெயாவுக்கு வேலைக்குப் போகும் இளைஞராக இருக்கலாம். கேள்வி மட்டும் மாறாது. ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் அதற்கு முன் அவரிடம் நாம் இரண்டு தேதிகளைக் கேட்டாக வேண்டும். பாலிசி எந்த நாளில் தொடங்கியது? நோய் எந்த நாளில் தொடங்கியது? மருத்துவமனையில் சேரும் நாளை அவர் தானே சொல்லிவிடுவார். பெரும்பாலும் அந்த நாளுக்குத்தான் மதிப்புக் குறைவு.

நம் நாட்டு மருத்துவக் காப்புறுதிப் பாலிசிகளில், தக்காஃபுல் திட்டங்களிலும்தான், காத்திருப்புக் காலம் ஏறக்குறைய ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கும். மலாய்ப் பிரதியில் 'தெம்போ மெனுங்கு' என்று இருக்கும். பாலிசி தொடங்கிய முதல் 30 நாள்களுக்குள் வரும் நோய்களுக்குக் காப்பு இல்லை. விபத்துக் காயத்துக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே உண்டு. இதற்கு மேல் 'குறிப்பிட்ட நோய்கள்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உள்ளவற்றுக்குக் காத்திருப்பு 120 நாள்.

அந்தப் பட்டியலை ஒருமுறையாவது நிதானமாகப் படித்துப் பாருங்கள். நம் வீடுகளில் சாதாரணமாகப் பேசப்படும் நோய்கள்தான் அதில் பாதி. இரத்த அழுத்தம், இதய நோய், நீரிழிவு. எல்லா வகைக் கட்டிகளும் புற்றுநோயும். சிறுநீர்ப் பாதையிலும் பித்தப்பையிலும் வரும் கல். காது, மூக்கு, தொண்டைக் கோளாறுகள். சைனஸும் இதில்தான் சேரும். குடலிறக்கம், மூலம். கருப்பை சார்ந்த நோய்கள். முதுகெலும்பு, முழங்கால் பிரச்சினைகள். நாற்பதை நெருங்கும் ஒருவர் மருத்துவமனைக்குப் போகக்கூடிய காரணங்களை எழுதச் சொன்னால் இந்தப் பட்டியலைத்தான் எழுதுவார். அதனால் நம்மில் பெரும்பாலோருக்கு உண்மையான காத்திருப்பு 30 நாள் அல்ல, 120 நாள்தான்.

கணக்கு எப்படிப் போகும் என்பதை என் அண்ணியின் பாலிசியை வைத்துச் சொல்கிறேன். அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எந்த நிறுவனமாக இருந்திருந்தாலும் தேதிகள் இப்படித்தான் விழுந்திருக்கும்.

அண்ணி கிள்ளானில் இருக்கிறார், வயது 38. கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் இருந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் தொழிலைத் தொடங்கினார். வேலையோடு கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பும் போய்விட்டது. 2025 பிப்ரவரி 20-ஆம் தேதி பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் முகவரைச் சந்தித்து விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார். முதல் மாதப் பிரீமியத்தையும் அன்றே கட்டினார். விண்ணப்பம் நிறுவனத்துக்குப் போய், பரிசீலிக்கப்பட்டு, மார்ச் 10-ஆம் தேதி பாலிசி மின்னஞ்சலில் வந்தது. அதன் முதல் பக்கத்தில், பாலிசி அட்டவணையில், நடைமுறைக்கு வரும் தேதி மார்ச் 3 என்று இருந்தது.

கையெழுத்திட்ட நாள், பாலிசி நடைமுறைக்கு வந்த நாள், பாலிசி கைக்கு வந்த நாள் என்று ஆக மூன்று தேதிகள். எண்ணிக்கை தொடங்குவது இரண்டாவதிலிருந்துதான். 'எஃபெக்டிவ் டேட்' என்றோ மலாயில் 'தாரிக் குவாட் குவாசா' என்றோ அச்சிடப்பட்டிருக்கும் நாள் அது. பணம் கட்டிய ரசீதில் உள்ள தேதி இதற்கு உதவாது. கார்டு தபாலில் வந்த தேதிக்கும் இதில் வேலை இல்லை. பாலிசி கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாள்களுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை இருக்கிறது. கைக்கு வந்த நாளுக்கு மதிப்பு அந்தக் கணக்கில்தான்.

மார்ச் 3-ஐ முதல் நாளாக வைத்து எண்ணுங்கள். மார்ச் 31 வரை 29 நாள் ஆகிறது, ஏப்ரல் 1 முப்பதாவது நாள். ஆகவே சாதாரண நோய்களுக்குக் காப்பு தொடங்குவது ஏப்ரல் 2. தொடர்ந்து எண்ணினால் ஏப்ரல் முடிவில் 59, மே முடிவில் 90, ஜூன் முடிவில் 120. குறிப்பிட்ட நோய்களுக்கு முதல் சுதந்திர நாள் ஜூலை 1. விரல் விட்டு எண்ணப் பொறுமை இல்லாதவர்கள் கணினியில் எக்செல் கட்டத்தில் இதைத் தட்டலாம்:

```
=DATE(2025,3,3)+120
```

விடையாக 1 ஜூலை 2025 வரும். 120-க்குப் பதில் 30 என்று போட்டால் 2 ஏப்ரல் வரும். தொடக்க நாளோடு காத்திருப்பு நாள்களைக் கூட்டினால் கிடைப்பது காத்திருப்பின் கடைசி நாள் அல்ல. அதற்கு அடுத்த நாள், அதாவது 121-ஆவது நாள்.

இதில் இரண்டு இடங்களில் தடுமாறுவார்கள். நான்கு மாதம் என்று எண்ணுவது ஒன்று. மார்ச் 3-லிருந்து நான்கு மாதம் என்றால் ஜூலை 3 வருகிறது, இரண்டு நாள் தள்ளிப் போகிறது. இதில் ஆபத்து இல்லை. ஆனால் பிப்ரவரி மாதம் நடுவில் வந்தால் அந்த இடைவெளி மறைந்துவிடக்கூடும். ஜனவரி 15-இல் தொடங்கிய பாலிசிக்கு நான்கு மாதம் மே 15-இல் முடிந்துவிடும். லீப் ஆண்டாக இல்லாவிட்டால் 120 நாளும் சரியாக அன்றுதான் கழிகிறது, மிச்சமே இல்லை. அதனால் பாலிசி நாள் என்று சொன்னால் நாளாகவே எண்ணுங்கள்.

இன்னொரு தடுமாற்றம், முதல் நாளைச் சேர்ப்பதா விடுவதா என்பது. 'முதல் 120 நாள்' என்று பாலிசி சொன்னால் தொடங்கிய நாளும் அதில் ஒன்றுதான் என்று படிப்பதே இயல்பு. ஆனால் நம் நாட்டுச் சட்டங்களுக்குப் பொருள் சொல்லும் 1948, 1967 பொருள்விளக்கச் சட்டங்கள், ஒரு நிகழ்விலிருந்து எண்ணும்போது அந்த நிகழ்வு நடந்த நாளை விட்டுவிடச் சொல்கின்றன. அது சட்டங்களுக்கான விதி, தனியார் ஒப்பந்தத்துக்கு அல்ல. இருந்தாலும் யாராவது அப்படி எண்ணினால் அண்ணியின் தேதி ஜூலை 2 ஆகும். ஒரே ஒரு நாள்தான் வித்தியாசம். அந்த ஒரு நாளுக்காக வாதாடுவதைவிட நாட்காட்டியில் ஜூலை 2-ஐ வட்டமிட்டுவிடுவதே நல்லது.

எங்கள் வீட்டில் வட்டமிட்டிருந்தது ஜூன் 20. பிப்ரவரி 20-இல் பணம் கட்டியாயிற்று, நாலு மாதம் முடிந்தால் சரி என்பது அண்ணனின் கணக்கு. ஜூன் 14 சனிக்கிழமை ஒரு கல்யாண விருந்துக்குப் போய் வந்த இரவு அண்ணிக்கு வலது விலா எலும்புக்குக் கீழே பிடித்து இழுப்பதுபோல் வலி. வாயு என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டார். ஞாயிறும் வலித்தது. திங்கள், ஜூன் 16, பக்கத்துக் கிளினிக்குக்குப் போனார். மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு நாளாக வலி, பித்தப்பைக் கல்லாக இருக்கலாம், ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று குறிப்பு எழுதினார்.

அன்று இரவுதான் எனக்கு அழைப்பு வந்தது. "20-ஆம் தேதி வரைக்கும் தாக்குப் பிடிச்சா கார்டு பாஸ் ஆயிடும்லா. அதுக்கப்புறம் ஸ்கேன் எடுத்துக்கலாம்," என்றார் அண்ணன். பாலிசியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். தொடக்கத் தேதி மார்ச் 3. அவர் நினைத்த 20-ஆம் தேதி அந்தக் கணக்கில் 110-ஆவது நாள்தான். ஜூலை 1 வரை தள்ளிப்போடலாமா என்று அடுத்த கேள்வி வந்தது.

இந்த இடத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது. காத்திருப்புக் காலத்தைப் பலர் பூட்டிய கதவுபோல நினைக்கிறார்கள். 120 நாள் வெளியே நின்றால் 121-ஆவது நாள் கதவு திறக்கும், எல்லோரும் உள்ளே போகலாம் என்று. பாலிசியின் வாசகம் அப்படி இல்லை. முதல் 120 நாளுக்குள் 'ஏற்படும்' குறிப்பிட்ட நோய் விலக்கப்படுகிறது என்கிறது அது. சிகிச்சை எப்போது என்பது அங்கே கேள்வியே அல்ல. நோய் எப்போது தலைகாட்டியது என்பதுதான் கேள்வி. அண்ணியின் வலி தொடங்கிய ஜூன் 14, பாலிசியின் 104-ஆவது நாள். கிளினிக்கில் அதைப் பதிவு செய்தது 106-ஆவது நாள். அறுவை சிகிச்சையை ஜூலை 1-க்கோ ஆகஸ்டுக்கோ அடுத்த தீபாவளிக்கோ தள்ளினாலும் அந்த 104 என்ற எண் நகராது.

காத்திருந்தால் மாறுவது நோய்தான். பித்தப்பைக் கல் நாளத்தில் போய் அடைத்துக்கொண்டால் கிருமித் தொற்றும் மஞ்சள் காமாலையும் கணைய அழற்சியும் வரலாம். காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் நாட்காட்டியைப் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய நிலை அது. காசுக்காகத் தள்ளிப்போட்டு, அந்தக் காசும் கிடைக்காமல், உடம்பையும் கெடுத்துக்கொள்வது என்ன கணக்கு? அண்ணனிடம் அப்படியே கேட்டேன். மறுநாளே ஸ்கேன் எடுத்தார்கள். கல் இருந்தது.

ஜூலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் உத்தரவாதக் கடிதத்துக்கு விண்ணப்பித்துப் பார்த்தார்கள். ஜி.எல். என்று கவுண்டரில் சொல்வார்களே, அதுதான். மருத்துவர் நிரப்பும் படிவத்தில், 'அறிகுறிகள் முதலில் தோன்றிய தேதி' என்று ஒரு கட்டம் உண்டு. அவர் உள்ளபடி ஜூன் 14 என்று எழுதினார். நிறுவனம் கிளினிக் குறிப்பையும் கேட்டு வாங்கிப் பார்த்தது, கடிதம் தர மறுத்தது. கடைசியில் அரசாங்க மருத்துவமனையில் பெயர் கொடுத்து, சில வாரம் காத்திருந்து அறுவை சிகிச்சை முடிந்தது. அண்ணி நலம். தனியாரில் ஐந்து இலக்கத்தில் போயிருக்கக்கூடிய செலவு அங்கே மிகச் சிறிய தொகையில் முடிந்தது.

நிறுவனம் செய்தது அநியாயமா என்று வீட்டில் இன்னும் வாதம் நடக்கிறது. என்னைக் கேட்டால், ஒப்பந்த வாசகப்படி அவர்கள் சொன்னது சரி. நோய் தெரிந்த பிறகு காப்புறுதி எடுப்பவர்களைத் தடுக்கத்தான் இந்த விதி இருக்கிறது. எல்லோரும் வலி வந்த பிறகு பாலிசி வாங்கினால் மற்றவர்கள் கட்டும் பிரீமியம் எங்கே போய் நிற்கும்? ஆனால் "120 நாள் கழிச்சு எல்லாமே கவர்" என்று ஒரே வரியில் விற்கிறார்களே, அந்த வரியில் எனக்கு உடன்பாடு இல்லை. 'அதற்குப் பிறகு தொடங்கும் நோய்க்கு' என்ற சொற்களைச் சேர்த்துச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். பித்தப்பைக் கல் ஒரே இரவில் உருவாவதில்லையே, ஆண்டுக்கணக்கில் உள்ளே இருந்திருக்குமே, அப்படியானால் யாருக்குமே கிடைக்காதா? கிடைக்கும். 'முன்பிருந்த நோய்' என்பதற்கு நம் பாலிசிகள் தரும் விளக்கம், அந்த நபருக்கு நியாயமாகத் தெரிந்திருக்கக்கூடிய நோய் என்பது. சிகிச்சை பெற்றிருந்தால், மருத்துவர் ஆலோசனை சொல்லியிருந்தால், தெளிவான அறிகுறி தெரிந்திருந்தால், அல்லது அந்த நிலையில் எவருக்கும் புலப்பட்டிருக்கும் என்றால் அது முன்பிருந்த நோய். சத்தமில்லாமல் உள்ளே கிடந்த கல்லைப் பற்றி உங்களுக்கு எதுவும் தெரியாது, முதல் வலி 140-ஆவது நாள்தான் வந்தது என்றால், கோருவதற்கு உங்களுக்கு நல்ல அடிப்படை இருக்கிறது.

அதனால்தான் மருத்துவரிடம் வாய்மொழியாகச் சொல்லும் வார்த்தைக்கு இவ்வளவு கனம். நம்மவர்கள் எதையும் உருண்டையாகச் சொல்லிப் பழகியவர்கள். "எத்தனை நாளா வலி?" என்றால், "அது இருக்கும் டாக்டர், ரெண்டு மாசமா" என்போம். அண்ணியைப் போலவே மார்ச் 3-இல் தொடங்கிய பாலிசி ஒருவரிடம் இருக்கிறது, அவர் ஆகஸ்டு 20-ஆம் தேதி மருத்துவமனைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் வலி தொடங்கியது ஜூலை 5. அது 125-ஆவது நாள், காப்புக்குள் வருகிறது. அவர் 'ரெண்டு மாசம்' என்று சொல்லிவிட்டால் கணக்கு ஜூன் 20-க்குப் போய்விடும். 110-ஆவது நாள், காப்புக்கு வெளியே. பதினைந்து நாள் கூட்டிச் சொன்ன ஒரு சொல்லுக்கு அந்த விலை. பொய் சொல்லச் சொல்லவில்லை. கிளினிக் பதிவும் ஸ்கேன் தேதியும் இருக்கும்போது பொய் நிற்கவும் நிற்காது. உண்மையான தேதியைத் துல்லியமாகச் சொல்லுங்கள் என்கிறேன். எந்த விருந்துக்குப் பிறகு, எந்த வாரம் என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். படிவத்தில் என்ன எழுதப்பட்டது என்று ஒருமுறை பார்க்கவும் கேளுங்கள்.

30 நாள் காத்திருப்பிலும் இதே கதைதான், அங்கே டிங்கி காய்ச்சலை எடுத்துக்கொள்ளலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் இதற்கு அறிமுகம் தேவையில்லை. அதே மார்ச் 3 பாலிசி. நோன்புப் பெருநாளன்று, மார்ச் 31-இல், காய்ச்சல் தொடங்குகிறது. அது 29-ஆவது நாள். இரத்தத் தட்டணுக்கள் இறங்கி மருத்துவமனையில் சேர்வது ஏப்ரல் 3, அதாவது 32-ஆவது நாள். சேர்ந்த நாளைப் பார்த்தால் காப்பு இருப்பதுபோல் தெரியும். காய்ச்சல் தொடங்கிய நாளைப் பார்த்தால் இல்லை.

முழங்காலில் வேறு ஒரு நெளிவு இருக்கிறது. முழங்கால் 120 நாள் பட்டியலில் உள்ள உறுப்பு. ஆனால் பத்துமலைப் படியில் கால் தவறி விழுந்து தசைநார் கிழிந்தால் அது விபத்து, பத்தாவது நாளாக இருந்தாலும் காப்பு உண்டு. விழாமல் கொள்ளாமல் படி ஏறி ஏறித் தேய்ந்து வலித்தால் அது நோய். எப்படி, எங்கே, எத்தனை மணிக்கு விழுந்தீர்கள் என்பதை அன்றே கிளினிக்கில் பதிவு செய்தால்தான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தாளில் தெரியும். பத்து நாள் கழித்துப் போய், முன்பு ஒருமுறை விழுந்தேன் என்றால் சந்தேகம்தான் வரும்.

மெடிக்கல் கார்டோடு சேர்த்துப் பலர் கடும் நோய்க் காப்பும் வைத்திருப்பார்கள், நோய் உறுதியானால் மொத்தத் தொகையாகத் தருவது. அதன் காத்திருப்பு தனி. புற்றுநோய், மாரடைப்பு, இதய இரத்தக்குழாய் நோய் போன்றவற்றுக்குப் பொதுவாக 60 நாள், மற்றவற்றுக்கு 30 நாள் என்று இருக்கும். கார்டுக்குப் போட்ட கணக்கை இதற்குப் போடாதீர்கள். இரண்டையும் தனித்தனியாக எழுதி வையுங்கள்.

ஒருமுறை 120 நாள் கடந்துவிட்டால் அந்தக் கவலை என்றைக்கும் தீர்ந்துவிடுமா? பாலிசியை இடைவெளி இல்லாமல் புதுப்பித்துக்கொண்டே வரும்வரை தீர்ந்ததுதான். இடைவெளி விழுந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். வங்கி அட்டை காலாவதியாகி மாதாந்திரப் பிரீமியம் பிடிக்கப்படாமல் போவதுதான் நான் அதிகம் கேள்விப்பட்ட காரணம். சலுகைக் காலமும் முடிந்து பாலிசி செத்துப்போன பிறகு, பாக்கியைக் கட்டி உயிர்ப்பிக்கலாம். ஆனால் காத்திருப்பு, உயிர்ப்பித்த நாளிலிருந்து எண்ணப்படும். ஆறு வருடம் கட்டிய பாலிசியாக இருந்தாலும், அக்டோபர் 1-இல் உயிர்ப்பித்தால் அதன் 121-ஆவது நாள் அடுத்த ஆண்டு ஜனவரி 29. அட்டை மாறினால் முதல் வேலையாக காப்புறுதிக் கணக்கில் புது எண்ணைச் சேர்த்துவிடுங்கள்.

2024-இல் பிரீமியம் ஒரேயடியாக ஏறியபோது எத்தனையோ பேர் பாலிசியை நிறுத்தினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைப் பல ஆண்டுகளுக்குப் பரப்பச் சொன்னது. அதோடு, விலையேற்றத்தால் 2024-இல் பாலிசியைக் கைவிட்டவர்கள் கேட்டால் மறுபரிசீலனை இல்லாமல் உயிர்ப்பித்துத் தர வேண்டும் என்றும் சொன்னது. இன்றும் மலிவான திட்டத்துக்கு மாறலாமா என்று கேட்பவர்கள் நிறைய. தாராளமாக மாறலாம், ஆனால் வரிசை முக்கியம். வேறு நிறுவனத்தின் புதுப் பாலிசிக்குப் பொதுவாகக் காத்திருப்பும் புதிதுதான். இந்தியாவில் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ஏற்கெனவே காத்திருந்த காலத்தைக் கையோடு கொண்டுபோக விதி இருக்கிறது. அங்கே உறவினர் சொன்னதைக் கேட்டு இங்கேயும் அப்படித்தான் என்று எண்ணிவிடாதீர்கள். புதிய பாலிசி தொடங்கி 121-ஆவது நாள் வரும்வரை பழையதை வைத்திருங்கள். நான்கு மாதம் இரட்டைச் செலவு உறுத்தத்தான் செய்யும். புதுப் பாலிசி முன்பிருந்த நோயை ஏற்காது என்பதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நீரிழிவு உள்ளவருக்குப் பழைய விலையுயர்ந்த பாலிசியே மலிவாக இருக்கக்கூடும்.

வேலையில் இருக்கும் இளைஞர்களுக்கும் இதே வரிசைதான். கம்பெனியின் குழுக் காப்பில் பெரும்பாலும் காத்திருப்பு தளர்த்தப்பட்டிருக்கும், அதனால் வேலையில் இருக்கும்வரை இந்தத் தொல்லை தெரியாது. ராஜினாமாக் கடிதம் கொடுக்க நினைக்கும் நாளிலிருந்து குறைந்தது நான்கரை மாதம் முன்னதாகவே சொந்தக் கார்டை எடுத்துவிட்டால், அந்த 120 நாளும் கம்பெனியின் நிழலிலேயே கழிந்துவிடும். விண்ணப்பம் பாலிசியாக மாற எடுக்கும் நாள்களுக்காகத்தான் அந்த அரை மாதம். அண்ணிக்குக் கூட அது பதினொரு நாள் எடுத்தது.

கடைசியாக, மறுப்புக் கடிதம் வந்துவிட்டவர்களுக்கு. புதிய பாலிசியாக இருந்தால், மருத்துவமனை கவுண்டரில் ஜி.எல். மறுப்பது வழக்கமாக நடப்பதுதான். நிறுவனம் ஆய்வு செய்ய நேரம் வேண்டும் என்பதால், பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு கோருங்கள் என்பார்கள். அது இறுதி மறுப்பு அல்ல. எல்லா ஆவணங்களோடும் முறைப்படி கோரிக்கை அனுப்புங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எந்தத் தேதியை நோய் தொடங்கிய நாளாக எடுத்தார்கள், அது எந்த ஆவணத்தில் இருக்கிறது என்று குறிப்பாகக் கேளுங்கள். நீங்கள் உருண்டையாகச் சொன்ன 'ரெண்டு மாசம்'தான் அடிப்படை என்று தெரிந்தால், கிளினிக்கின் முதல் வருகைக் குறிப்பை வைத்துத் திருத்தம் கேட்கலாம்.

நிறுவனத்தின் புகார்ப் பிரிவும் கைவிரித்தால் நிதிச் சந்தை குறைதீர் சேவைக்குப் போகலாம். எஃப்.எம்.ஓ.எஸ். என்று அழைக்கப்படும் அது, முன்பிருந்த ஓ.எஃப்.எஸ். அமைப்பின் இடத்தில் 2025 ஜனவரி 1 முதல் இயங்குகிறது. பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை, 2,50,000 ரிங்கிட் வரையிலான பிணக்குகளை ஏற்கிறார்கள். அங்கேயும் ஒரு நாள் கணக்கு காத்திருக்கிறது. நிறுவனத்தின் இறுதி முடிவுக் கடிதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். இந்த முறை எண்ண வேண்டியது மாதத்தில். கடிதத்தின் தேதி செப்டம்பர் 8 என்றால், மார்ச் 8-க்கு முன்பே உங்கள் கோப்பு அவர்கள் கையில் இருக்கட்டும்.